ஏஜிஎம் மினிட்ஸ் 11 பக்கம், உறுப்பினருக்குப் போக வேண்டியது 2 பக்கம்: எதை எழுத, எதை விட?

முலுண்ட்_செயலர் | 27.09.2025, இரவு 9.40

மும்பை முலுண்டில் 42 வீடுகள் உள்ள ஹவுசிங் சொசைட்டி. மகாராஷ்டிர வீட்டுவசதி சொசைட்டிகளுக்கான 2014 மாதிரி பைலாவை ஏற்றுக்கொண்டது. செப்டம்பர் 21 ஞாயிற்றுக்கிழமை ஏஜிஎம் முடிந்தது. கையெழுத்துக் குறிப்பு 11 பக்கம் வந்திருக்கிறது. அதை யாரும் படிக்கப் போவதில்லை. தீர்மானங்களும் ஒவ்வொருவரின் பாக்கியும் அடங்கிய சுருக்கக் கடிதம் ஒன்று அக்டோபர் முதல் வாரத்தில் போக வேண்டும் என்று கமிட்டி சொல்கிறது. பெரியவர்கள் பலர் தமிழ்தான் படிப்பார்கள் என்பதால் தமிழிலும் ஒரு பிரதி.

முக்கியமான தீர்மானங்கள் மூன்று. மாத சர்வீஸ் சார்ஜ் 500 ரூபாய் உயர்வு. மொட்டை மாடி வாட்டர்ப்ரூஃபிங் 8,40,000 ரூபாய். தாமத வட்டி பழைய 18 சதவீதமே தொடரும். நான் அஜெண்டா வரிசையிலேயே எழுதலாம் என்று நினைக்கிறேன். பாக்கிப் பட்டியலைக் கடைசிப் பக்கத்தில் 42 வீட்டுக்கும் சேர்த்து ஒரே அட்டவணையாகப் போட்டுவிடலாம். சரிதானே?

---

குர்லா_கணக்கு | 27.09.2025, இரவு 10.15

அவசரப்படாதீங்க சார். மினிட்ஸ் அடுத்த ஏஜிஎம்மில் வாசித்து உறுதியான பிறகுதான் தீர்மானம் செல்லும். அதுக்கு முன்னாடி கடிதம் போட்டா யாராவது ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்குப் போயிடுவாங்க.

---

பழைய_ஆடிட்டர் | 28.09.2025, காலை 7.05

குர்லா சொல்வதில் பாதி சரி. அடுத்த ஏஜிஎம்மில் போன கூட்டத்து மினிட்ஸை வாசித்து உறுதி செய்வது அஜெண்டாவில் உண்டு. ஆனால் தீர்மானம் அதுவரை ஒரு வருடம் தூங்கிக்கொண்டிருக்காது. 2014 பைலாவின்படி கமிட்டி மூன்று மாதத்துக்குள் வரைவு மினிட்ஸை முடிவு செய்ய வேண்டும், முடிவு செய்த 15 நாளில் எல்லோருக்கும் சுற்றுக்கு விட வேண்டும். உறுப்பினர் கருத்துச் சொல்ல இன்னொரு 15 நாள். அதையும் பார்த்துவிட்டு அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இறுதி மினிட்ஸ்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் கமிட்டி கூடி வரைவை ஏற்கட்டும், வரைவும் கடிதமும் ஒரே உறையில் போகட்டும். கடிதத்தின் தலையிலேயே "இது வரைவு மினிட்ஸின் சுருக்கம்; வேறுபாடு இருந்தால் மினிட்ஸே செல்லும்; கருத்து இருந்தால் இந்தத் தேதிக்குள் எழுத்தில் தரவும்" என்று மூன்று துண்டாகச் சொல்லிவிடுங்கள். தேதியை எண்ணி நீங்களே போடுங்கள். "15 நாட்களுக்குள்" என்று விட்டால் கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்தா, அதில் போட்ட தேதியிலிருந்தா என்று ஒரு சண்டை வரும்.

அஜெண்டா வரிசை வேண்டாம். மினிட்ஸ் கூட்டத்தின் வரிசையில் போகும். கடிதம் படிப்பவருக்கு வேண்டியது, நான் எவ்வளவு கட்டணும், எப்போ கட்டணும், எதற்காக என்பதுதான். பணம் சம்பந்தப்பட்ட தீர்மானம் முதலில் வரட்டும். கணக்கை ஏற்றது, ஆடிட்டர் நியமனம், நன்றி எல்லாம் கடைசியில் இரண்டு வரி. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் பக்கத்தில் மினிட்ஸில் உள்ள தீர்மான எண் இருக்கட்டும். சந்தேகம் வந்தவர் நேராக அந்த இடத்தைத் திறந்து பார்ப்பார்.

---

பழைய_ஆடிட்டர் | 28.09.2025, காலை 7.22

ஒன்று விட்டுப்போச்சு. கோரம் எப்படி இருந்தது? அதைக் கடிதத்தில் ஒரு வரியாவது எழுத வேண்டும். எழுதாவிட்டால் வராதவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

---

முலுண்ட்_செயலர் | 28.09.2025, காலை 8.50

10 மணிக்குக் கூட்டம். 10.30 வரை 17 பேர். அப்புறம் ஒத்திவைத்து 11 மணிக்கு ஆரம்பித்தோம். அதற்குள் 29 பேர் கையெழுத்து.

---

பழைய_ஆடிட்டர் | 28.09.2025, காலை 9.10

மூன்றில் இரண்டு பங்கு அல்லது 20, இதில் எது குறைவோ அது கோரம். 42-க்கு மூன்றில் இரண்டு 28. ஆகவே உங்களுக்கு 20 போதும். 17 பற்றாது, அரை மணி பார்த்து ஒத்திவைத்தது சரி. அதே நாளில் பிந்தைய நேரத்துக்கு ஒத்திவைப்போம் என்று நோட்டீஸிலேயே இருந்ததா என்று எடுத்துப் பாருங்கள். ஒத்திவைத்த கூட்டத்துக்குக் கோரம் தேவையில்லை. ஆனால் அதில் பழைய அஜெண்டாவை மட்டும்தான் எடுக்க முடியும். வாட்டர்ப்ரூஃபிங் அஜெண்டாவில் தனியாக இருந்ததா, இல்லை "தலைவர் அனுமதியுடன் வேறு விஷயங்கள்" என்ற கடைசி வரியில் நுழைந்ததா? 8 லட்சத்தை அந்தக் கடைசி வரியில் ஏற்றியிருந்தால் எவ்வளவு நல்ல கடிதம் எழுதினாலும் பிரயோஜனமில்லை.

---

முலுண்ட்_செயலர் | 28.09.2025, காலை 9.31

தனியாகவே இருந்தது, அஜெண்டா 6. மூன்று கொட்டேஷனும் நோட்டீஸோடு போனது. ஒத்திவைப்பு வரியும் நோட்டீஸில் உண்டு.

---

சிக்கன_சங்கம்_மதுரை | 28.09.2025, மதியம் 12.40

எங்கள் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணய சங்கத்தில் பேரவைத் தீர்மானம் அனுப்பும்போது ஈவுத்தொகையைத்தான் முதலில் போடுவோம். நீங்கள் டிவிடெண்ட் எத்தனை சதவீதம் என்றே சொல்லவில்லையே? ஜாமீன்தாரர் நிலுவை எந்தப் பத்தியில் வரும்?

---

வித்யா_தானே | 28.09.2025, மதியம் 1.05

அண்ணா, இது வீட்டுவசதி சொசைட்டி. இங்கே ஈவுத்தொகை வேண்டாம், வாட்டர்ப்ரூஃபிங் நின்றால் போதும் :) ஆனால் உங்கள் சங்கத்தில் வருஷா வருஷம் இருப்பு உறுதிச் சீட்டு அனுப்புவீர்கள் இல்லையா, கடன் இவ்வளவு, பங்கு இவ்வளவு, சரியென்றால் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தரவும் என்று? அது இங்கேயும் பயன்படும்.

செயலர் சார், 42 வீட்டுப் பாக்கியையும் ஒரே அட்டவணையாகப் போடாதீங்க. பொதுக் கடிதம் எல்லோருக்கும் ஒன்று. பாக்கிச் சீட்டு வீட்டுக்கு ஒன்று, தனித்தாள். சீட்டின் அடியில் கிழித்துத் தரும் பகுதி: "30.09.2025 அன்று என் கணக்கில் மேற்கண்ட பாக்கி சரி / சரியல்ல, காரணம்..." இது திரும்பி வந்தால் அடுத்த ஆடிட்டில் கைக்கு உதவும். நாளைக்கு வசூல் சர்டிபிகேட்டுக்கு டெபுடி ரிஜிஸ்ட்ராரிடம் போகும் நிலை வந்தாலும் அந்தக் கையெழுத்து பெரிய பலம்.

---

மூணாவது_மாடி | 28.09.2025, மாலை 6.20

பாக்கி வைத்தவன் பெயரை எல்லோரும் பார்க்கணும், அப்போதான் கட்டுவான். லிஃப்ட் பக்கத்தில் ஒட்டணும்.

இன்னொன்று. என் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். எங்கள் சொசைட்டிக் கடிதத்தில் "வாடகைக்கு விட்டோர் 10 சதவீதம் கூடுதல்" என்று ஒரே வரி. மாதம் 320 ரூபாய் போடுகிறார்கள். பில் 3,200. இது சரியா?

---

பழைய_ஆடிட்டர் | 28.09.2025, இரவு 8.45

உங்கள் பில்லைப் பிரித்துப் போடுங்கள் சார்.

---

மூணாவது_மாடி | 28.09.2025, இரவு 9.02

சர்வீஸ் சார்ஜ் 1,800. சொத்து வரிப் பங்கு 600. தண்ணீர் 250. சிங்கிங் ஃபண்ட் 150. ரிப்பேர் ஃபண்ட் 400.

---

பழைய_ஆடிட்டர் | 28.09.2025, இரவு 9.30

குடியிருக்காததற்கான கட்டணம் சர்வீஸ் சார்ஜில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 2001-லேயே மாநில அரசு உத்தரவு போட்டுவிட்டது. முனிசிபல் வரியும் ஃபண்டுகளும் அந்தக் கணக்கில் சேராது. ஆகவே 180 ரூபாய். 320 என்பது மொத்த பில்லில் 10 சதவீதம், மாதம் 140 கூடுதல். கமிட்டிக்கு எழுத்தில் கொடுத்துக் கேளுங்கள்.

செயலருக்கும் இதில் வேலை இருக்கிறது. எதன் மீது 10 சதவீதம் என்று எழுதாமல் விட்டதால்தான் இந்தத் தப்பு. உங்கள் சர்வீஸ் சார்ஜ் 500 ஏறும்போது வாடகைக்கு விட்டவர்களுக்கு இந்தக் கட்டணமும் 50 ஏறும். கடிதத்தில் அதைச் சொல்லாமல் விட்டால் அக்டோபர் பில்லைப் பார்த்துவிட்டு, 500 என்றீர்களே, ஏன் 550 வந்தது என்று போன் வரும்.

---

முலுண்ட்_செயலர் | 29.09.2025, இரவு 10.10

வாட்டர்ப்ரூஃபிங் 8,40,000. 42 வீடு. தலைக்கு 20,000. இதை எழுதிவிடலாமா? மினிட்ஸில் "உறுப்பினர்கள் பகிர்ந்துகொள்வது என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்றுதான் இருக்கிறது.

---

குர்லா_கணக்கு | 29.09.2025, இரவு 10.25

சமமாத்தான் பிரிக்கணும். சர்வீஸ் சார்ஜ் சமம், லிஃப்ட் சமம், இதுவும் அப்படித்தான்.

---

பழைய_ஆடிட்டர் | 30.09.2025, காலை 6.50

சர்வீஸ் சார்ஜும் லிஃப்டும் சமம், உண்மை. தண்ணீர் குழாய்க் கணக்கு. சிங்கிங் ஃபண்ட் கட்டுமானச் செலவில் வருஷத்துக்குக் குறைந்தது 0.25 சதவீதம், வழக்கமான ரிப்பேருக்கு 0.75. பெரிய ரிப்பேருக்குத் தனியாக வசூலிப்பது பரப்பளவுக் கணக்கில் என்று பைலாவில் இருக்கிறது. உங்கள் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

"பகிர்ந்துகொள்வது" என்ற வார்த்தைக்குள் 20,000 இல்லை. கடிதம் எழுதுகிறவர் மினிட்ஸில் இல்லாத எண்ணைத் தானாகப் போட முடியாது. கூட்டத்தில் சதுர அடிக்கு இவ்வளவு என்று யாராவது சொல்லி, அதைத்தான் முன்மொழிந்து வழிமொழிந்தார்களா? வீடுகளின் பரப்பு என்ன?

---

முலுண்ட்_செயலர் | 30.09.2025, காலை 8.15

கார்ப்பெட் பரப்பு 540 சதுர அடியில் 30 வீடு, 650-ல் 12 வீடு. கொட்டேஷனோடு போன குறிப்பில் "சதுர அடிக்கு ரூ. 35" என்று இருக்கிறது. முன்மொழிந்தவர் அந்தக் குறிப்பைக் காட்டித்தான் பேசினார். மினிட்ஸ் எழுதியவர் அதை விட்டுவிட்டார். ஏகமனதும் இல்லை, 21 ஆதரவு, 6 எதிர்ப்பு, 2 பேர் கை தூக்கவில்லை.

---

பழைய_ஆடிட்டர் | 30.09.2025, காலை 8.40

கடிதத்தை நிறுத்துங்கள். முதலில் வரைவைத் திருத்துங்கள். "அஜெண்டா 6-உடன் அனுப்பிய குறிப்பின்படி சதுர அடிக்கு ரூ. 35 வீதம்" என்பதும், 21-6 என்பதும் வரைவில் ஏற வேண்டும். கமிட்டிதான் வரைவை முடிவு செய்கிறது, இன்னும் சுற்றுக்கு விடவில்லை, ஆகவே இப்போதே செய்யலாம். 6 பேர் எதிர்த்த தீர்மானத்தை ஏகமனது என்று கடிதத்தில் போட்டால் அந்த 6 பேரும் முதல் தவணையை நிறுத்திவைக்க நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும்.

இனி கணக்கு. 30 வீடு × 540 = 16,200. 12 வீடு × 650 = 7,800. மொத்தம் 24,000 சதுர அடி, 35 ரூபாய் வீதம் 8,40,000. அச்சாகப் பொருந்துகிறது. 540-க்கு 18,900. 650-க்கு 22,750. சமமாகப் பிரித்து 20,000 என்று எழுதியிருந்தால் சிறிய வீட்டுக்காரர் 30 பேரிடம் தலைக்கு 1,100 கூடுதல் வாங்கியிருப்பீர்கள்.

---

வித்யா_தானே | 30.09.2025, காலை 11.20

இதையெல்லாம் விளக்கமாக எழுதாமல் சின்ன அட்டவணையாகப் போடுங்க சார். இரண்டு அளவு வீடுதானே, இரண்டு வரி போதும்.

| வீடு | மொத்தம் | 31.10.2025-க்குள் | 31.12.2025-க்குள் |
|---|---|---|---|
| 540 ச. அடி | 18,900 | 9,450 | 9,450 |
| 650 ச. அடி | 22,750 | 11,375 | 11,375 |

தவணைத் தேதி கூட்டத்தில் முடிவானதா, கமிட்டி வைத்ததா என்று ஒரு குறிப்பு. பணத்தை மாத பில்லோடு சேர்த்துக் கட்டச் சொல்லாதீங்க, தனி ரசீது கொடுங்க. சேர்த்தால் எல்லாம் ஒரே தொகையாக வந்து நிற்கும், அதில் எது பில், எது வாட்டர்ப்ரூஃபிங் என்று மார்ச்சில் உட்கார்ந்து பிரிக்கணும்.

---

மூணாவது_மாடி | 30.09.2025, மாலை 7.40

எதிர்த்தவர்கள் ஏன் எதிர்த்தார்கள் என்பதையும் கடிதத்தில் போடணும். ஒருபக்கமா எழுதக் கூடாது.

---

பழைய_ஆடிட்டர் | 30.09.2025, இரவு 8.30

கடிதத்தில் எண்ணிக்கை போதும். தன் எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொன்னவரின் காரணம் மினிட்ஸில் இருக்கட்டும். சுருக்கத்தில் யார் என்ன சொன்னார் என்று ஒருவருக்கு இடம் கொடுத்தால் மற்ற 28 பேருக்கும் கொடுக்க வேண்டியிருக்கும். கடிதத்தில் தீர்மானம் மட்டும் வரட்டும், பேச்சு வேண்டாம்.

---

முலுண்ட்_செயலர் | 01.10.2025, இரவு 9.15

பாக்கிச் சீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு வீடு ஏப்ரல், மே, ஜூன் மூன்று பில் கட்டவில்லை, ஒவ்வொன்றும் 3,200. ஜூலையிலிருந்து ஒழுங்காகக் கட்டுகிறார்கள். கெடு அந்தந்த மாதக் கடைசி நாள். 30.09.2025 வரை வட்டி போட்டால் எங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் 589.84 காட்டுகிறது. எக்செல்லில் நான் போட்டது 528. பொருளாளர் கையால் போட்டது 576. எது?

---

பழைய_ஆடிட்டர் | 01.10.2025, இரவு 10.40

பொருளாளர் சொன்னதே சரி. மாதத்துக்கு ஒன்றரை சதவீதம், ஒரு பில்லுக்கு 48 ரூபாய். ஏப்ரல் பில்லுக்கு 5 மாதம் 240. மேக்கு 4 மாதம் 192. ஜூனுக்கு 3 மாதம் 144. கூட்டினால் 576. அசல் 9,600 சேர்த்து 10,176.

சாஃப்ட்வேர் வட்டிக்கு வட்டி போடுகிறது. பைலாவில் தனிவட்டி மட்டும்தான், அதுவும் அதிகபட்சம் வருஷத்துக்கு 21 சதவீதம், எவ்வளவு என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யும். கண்டுபிடிப்பது சுலபம். இந்த வீட்டுக்கு ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாத வட்டியைத் தனித்தனியாக எடுங்கள். பழைய பாக்கி கூடவில்லை, ஆகவே மூன்று மாதமும் 144 தான் வர வேண்டும். உங்கள் சாஃப்ட்வேரில் 146.17, 148.36, 150.59 என்று ஏறிக்கொண்டு போகும். அசல் மாறாமல் வட்டி மட்டும் ஏறினால் வட்டி அசலோடு சேர்கிறது என்று அர்த்தம். செட்டிங்கில் மொத்த நிலுவை மீது வட்டி என்பதை அசல் நிலுவை மீது என்று மாற்றச் சொல்லுங்கள்.

இங்கே வித்தியாசம் 14 ரூபாய்கூட இல்லை, அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. 60,000 ரூபாய் மூன்று வருஷம் நின்றிருந்தால் தனிவட்டி 32,400. மாதக் கூட்டுவட்டியில் 42,548. பத்தாயிரத்துக்கு மேல் தப்பாகக் கேட்கும் சீட்டை எடுத்துக்கொண்டு வசூலுக்குப் போனால் நிற்காது.

உங்கள் 528 எப்படி வந்தது? சூத்திரத்தைப் போடுங்கள்.

---

முலுண்ட்_செயலர் | 01.10.2025, இரவு 10.55

B2 அசல், C2 கெடு தேதி, D2 30.09.2025.

```
=ROUND(B2*18%*DATEDIF(C2,D2,"m")/12,0)
```

---

வித்யா_தானே | 02.10.2025, காலை 9.10

அந்த DATEDIF மே மாதத்தில் கவிழ்த்துவிட்டது சார். மே 31-லிருந்து செப்டம்பர் 30 வரை அது 3 மாதம் என்றுதான் சொல்லும். செப்டம்பரில் 31 இல்லை, ஆகவே நாலாவது மாதம் முடியவில்லை என்று எண்ணும். ஒரு பில்லுக்கு 48 ரூபாய் விட்டுப்போய் 528 ஆகிவிட்டது. கெடு 31-ஆம் தேதி, கட்-ஆஃப் 30-ஆம் தேதி என்று அமையும் எல்லா பில்லிலும் இது நடக்கும். நாள் கணக்கு போட்டால் தொந்தரவு இல்லை:

```
=ROUND(B2*18%*(D2-C2)/365,0)
```

153, 122, 92 நாள். 241 + 193 + 145 = 579.

---

குர்லா_கணக்கு | 02.10.2025, காலை 9.40

இப்போ நாலாவது விடை வந்துடுச்சு.

---

வித்யா_தானே | 02.10.2025, காலை 9.48

:) மாதக் கணக்கில் 576, நாள் கணக்கில் 579. இரண்டும் தனிவட்டிதான். இரண்டில் எது என்று சீட்டில் எழுதிவிட்டு எல்லோருக்கும் ஒரே மாதிரி போட்டால் போதும்.

---

பழைய_ஆடிட்டர் | 02.10.2025, காலை 10.30

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதுவரை எப்படிப் போட்டீர்களோ அதை விட்டு இந்த வருஷம் மட்டும் மாற்றாதீர்கள். மாற்ற வேண்டுமென்றால் தேதி போட்டுத் தீர்மானம் வேண்டும்.

சீட்டில் அசல், வட்டி இரண்டும் தனிப் பத்தி. பில் மாதம், கெடு, அசல், வட்டி, மொத்தம், இவ்வளவுதான். "முந்தைய பாக்கி 10,176" என்று ஒற்றை வரியாகப் போட்டால் அடுத்த மாதம் அது மொத்தமும் அசலாக ஏறிவிடும். கூட்டுவட்டி பல சொசைட்டிகளில் இப்படித்தான் நுழைகிறது, சாஃப்ட்வேரே இல்லாத சொசைட்டியிலும்.

---

முலுண்ட்_செயலர் | 03.10.2025, இரவு 9.50

42 சீட்டும் மெயில் மெர்ஜில் தயார். அனுப்புமுன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

---

பழைய_ஆடிட்டர் | 04.10.2025, காலை 6.40

முதலில் மொத்தம். ஆடிட் ஆன இருப்புநிலைக் குறிப்பில் 31.03.2025 அன்று உறுப்பினர்களிடம் வரவேண்டியது என்று ஒரு தொகை இருக்கும். அதோடு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான பில்களையும் போட்ட வட்டியையும் கூட்டுங்கள், வந்த பணத்தைக் கழியுங்கள். கிடைப்பதும் 42 சீட்டின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்கூட்டியே கட்டியவர்களின் தொகையைத் தனியாக வையுங்கள். ஒருவர் அதிகம் கட்டியதும் இன்னொருவர் கட்டாததும் ஒன்றையொன்று தின்றுவிட்டால் மொத்தம் பொருந்தும், உள்ளே தப்பு இருக்கும்.

மொத்தம் பொருந்தினாலும் போதாது. எக்செல்லில் ஒரு பத்தியை மட்டும் வரிசைப்படுத்திவிட்டால் வீட்டு எண் ஒரு பக்கம், தொகை ஒரு பக்கம் போய்விடும். கூட்டுத்தொகை அப்போதும் மாறாது. ஆகவே முதல் வீடு, கடைசி வீடு, நடுவில் ஐந்தாறு வீடு என்று எடுத்து அச்சான சீட்டையும் லெட்ஜரையும் கையால் ஒப்பிட்டுப் பாருங்கள். பாக்கியே இல்லாத வீட்டுச் சீட்டில் பூஜ்யம் வருகிறதா என்றும் பாருங்கள்.

---

வித்யா_தானே | 04.10.2025, காலை 8.20

சஸ்பென்ஸ் கணக்கை மறந்துடாதீங்க. பேங்கில் என்இஎஃப்டி வந்திருக்கும், வீட்டு எண் இல்லாததால் யாருடையது என்று தெரியாமல் கிடக்கும். 3,200 என்று எல்லோருக்கும் ஒரே தொகை இருக்கும்போது இது இன்னும் மோசம். அதைத் தீர்க்காமல் சீட்டு போட்டால் கட்டியவருக்கே வட்டியோடு பாக்கி போகும். தீர்க்க முடியாத தொகையைப் பொதுக் கடிதத்திலேயே தேதியோடு போட்டு, உங்களுடையதா என்று கேளுங்க. பெயர் தேவையில்லை.

---

முலுண்ட்_செயலர் | 05.10.2025, இரவு 10.20

இன்று கமிட்டி வரைவை ஏற்றது, திருத்தத்தோடு. சஸ்பென்ஸில் இரண்டு 3,200 இருந்தது. அதில் ஒன்று அந்த மூன்று பில் வீட்டினுடையதாக இருக்கலாம், அவர்களிடம் கேட்டிருக்கிறேன். பொதுக் கடிதத்தின் நடுப்பகுதி கீழே. திட்டுங்கள்.

"21.09.2025 காலை 10 மணிக்கு அறிவித்த ஆண்டுப் பொதுக்கூட்டம், கோரம் இல்லாததால் ஒத்திவைக்கப்பட்டு அன்றே 11 மணிக்கு நடந்தது. 29 உறுப்பினர் வந்திருந்தனர்.

1. சர்வீஸ் சார்ஜ் 01.10.2025 முதல் மாதம் ரூ. 1,800-இலிருந்து ரூ. 2,300. மற்ற தலைப்புகளில் மாற்றமில்லை, ஆகவே ரூ. 3,200 பில் ரூ. 3,700 ஆகும். வாடகைக்கு விட்ட வீடுகளுக்குக் குடியிருக்காததற்கான கட்டணம் சர்வீஸ் சார்ஜில் 10 சதவீதம், அதாவது ரூ. 180-க்குப் பதில் ரூ. 230. (தீர்மானம் 4)

2. மொட்டை மாடி வாட்டர்ப்ரூஃபிங் ரூ. 8,40,000. கார்ப்பெட் பரப்பில் சதுர அடிக்கு ரூ. 35. ஆதரவு 21, எதிர்ப்பு 6. தவணை அட்டவணை கீழே. தவணைத் தேதிகள் 05.10.2025 கமிட்டிக் கூட்டத்தில் வைத்தவை. (தீர்மானம் 6)

3. தாமத வட்டி வருடத்துக்கு 18 சதவீதம் தனிவட்டி, கெடு முடிந்த பின் மாதக் கணக்கில். (தீர்மானம் 7)"

---

குர்லா_கணக்கு | 05.10.2025, இரவு 10.45

சர்வீஸ் சார்ஜ் ஏப்ரல் 1-லிருந்து போட்டிருக்கலாமே? பட்ஜெட் முழு வருஷத்துக்குத்தானே. ஆறு மாத வித்தியாசம் 3,000, 42 வீடு, 1,26,000 விட்டுட்டீங்க.

---

பழைய_ஆடிட்டர் | 06.10.2025, காலை 7.00

தீர்மானத்தில் என்ன தேதி இருக்கிறதோ அதுதான். அக்டோபர் 1 என்று கூட்டத்தில் முடிவாகியிருந்தால் கடிதத்தில் ஏப்ரல் ஆகாது. பின்தேதியிட்டு உயர்த்தும் தீர்மானத்தையே நான் ஆதரிக்க மாட்டேன். ஏப்ரல் பில்லை முழுதாகக் கட்டி ரசீது வாங்கியவரிடம் அதே மாதத்துக்கு மறுபடி கேட்பது வம்பு. நடுவில் வீட்டை விற்றுப் போனவரிடம் எப்படி வாங்குவீர்கள்?

கடிதத்தில் ஒரு குறை. மூன்றாவது பத்தியில் வாட்டர்ப்ரூஃபிங் தவணைக்கும் வட்டி உண்டா இல்லையா என்று இல்லை. தீர்மானம் 7 அதையும் சேர்த்துச் சொல்கிறதா?

---

முலுண்ட்_செயலர் | 06.10.2025, இரவு 9.05

"சொசைட்டிக்கு வரவேண்டிய கட்டணங்கள்" என்று பொதுவாக இருக்கிறது.

---

பழைய_ஆடிட்டர் | 06.10.2025, இரவு 9.40

அப்படியானால் உண்டு என்று சொல்லலாம். ஆனால் தவணைத் தேதியைக் கமிட்டி வைத்திருக்கிறது. அந்தத் தேதியிலிருந்து வட்டி போட்டால் 6 பேரில் ஒருவர் கேட்பார். என்னைக் கேட்டால், முதல் தவணைக்கு நவம்பர் முழுக்க வட்டியில்லாமல் விட்டு, டிசம்பர் 1 முதல் என்று கடிதத்திலேயே எழுதலாம்.

---

வித்யா_தானே | 06.10.2025, இரவு 10.00

இதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன் சார். வட்டியைத் தள்ளுவதும் பொதுக்குழு முடிவுதான். கமிட்டி தன் இஷ்டத்துக்கு ஒரு மாதம் விட்டால், போன வருஷம் வட்டி கட்டியவர் எனக்கு ஏன் விடவில்லை என்பார். தேதியை நவம்பர் 30 என்று வைத்துவிட்டால் கேள்வியே வராது.

---

மூணாவது_மாடி | 08.10.2025, மாலை 6.50

எங்கள் செயலரிடம் 180-ஐப் பற்றி எழுதிக் கொடுத்தேன். அடுத்த கமிட்டியில் வைக்கிறாராம். பழைய மாதங்களுக்குத் திருப்பித் தருவார்களா என்று கேட்டேன், பதில் இல்லை.

பாக்கிப் பெயர் விஷயத்தில் நான் சொன்னதில் மாற்றமில்லை.

---

முலுண்ட்_செயலர் | 12.10.2025, இரவு 8.30

முதல் தவணை 30.11.2025 என்று மாற்றிக் கமிட்டி ஒப்புதலோடு கடிதம் போய்விட்டது. சஸ்பென்ஸில் இருந்த இரண்டு 3,200-இல் ஒன்று அந்த வீட்டின் ஜூன் பில்தான், ஜூன் 27-லேயே அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே அவர்கள் சீட்டில் அசல் 6,400, வட்டி 432, மொத்தம் 6,832. சீட்டு கிடைத்த மறுநாள் 5,000 கட்டிவிட்டு, மீதியைத் தீபாவளிக்குப் பிறகு தருகிறேன் என்கிறார்கள். இந்த 5,000-ஐ எதில் கழிப்பது? வட்டியில் முதலில் கழித்தால் அசல் 1,832 நிற்கும். அசலில் கழித்தால் அசல் 1,400, வட்டி 432 தனியே நிற்கும்.

---

குர்லா_கணக்கு | 12.10.2025, இரவு 8.50

வட்டிதான் முதல்ல. பேங்கில் எல்லாம் அப்படித்தான்.

---

பழைய_ஆடிட்டர் | 13.10.2025, காலை 6.55

இரண்டு விதமாகவும் சொசைட்டிகள் செய்கின்றன. அடுத்த மாத வட்டி முதல் வழியில் 27 ரூபாய் 48 காசு, இரண்டாவதில் 21 ரூபாய். தொகை சின்னது, ஆனால் பெரிய பாக்கியில் இதுவே வழக்காகும். கட்டியவர் செக்கின் பின்னாலோ மெசேஜிலோ "ஏப்ரல், மே பில்லுக்கு" என்று எழுதியிருந்தால் அதை மீறி வட்டியில் போடாதீர்கள். எதுவும் எழுதாவிட்டால் உங்கள் பழைய ரசீதுகளில் எப்படிச் செய்தீர்கள் என்று பாருங்கள். ரசீதில் "அசல் இவ்வளவு, வட்டி இவ்வளவு" என்று பிரித்து எழுதிக் கொடுங்கள். அடுத்த ஏஜிஎம் அஜெண்டாவில் இதற்கு ஒரு தீர்மானம் வையுங்கள்.

---

முலுண்ட்_செயலர் | 13.10.2025, இரவு 9.20

மெசேஜில் வீட்டு எண் மட்டும்தான் இருக்கிறது. பழைய ரசீதுகளில் ஒரு பொருளாளர் காலத்தில் வட்டி முதலில், இன்னொருவர் காலத்தில் அசல் முதலில். இன்னும் ரசீது போடவில்லை.